பாப்கார்ன்: அடுப்பா மைக்ரோவேவா, எதுல கருகாம பொரியும்?

என் ஓட்டு அடுப்புக்குத்தான். சோளத்துக்குள்ள இருக்கற கொஞ்ச ஈரம் நீராவியாகி, 180 டிகிரி கிட்ட வரும்போது தோலை உடைச்சிட்டு வெளிய வருது, அதுதான் பொரியறது. எல்லா மணியும் ஏறக்குறைய ஒரே நேரத்துல அந்த சூட்டுக்கு வரணும், இல்லன்னா முன்னாடி பொரிஞ்சது அடியில கெடந்து கருகும், பின்னாடி வரவேண்டியது பொரியாம நிக்கும்.

அடுப்புல இத நம்மளே சரி பண்ணிக்கலாம். அடிகனமான பாத்திரத்துல 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊத்தி (வெண்ணெய் வேணாம், அதுல இருக்கற பால் சத்து சீக்கிரம் கருகிடும், நெய்னா ஓகே) மூணே மூணு மணி மட்டும் போட்டு மூடி மிதமான தீயில வைங்க. மூணும் பொரிஞ்சதும் எடுத்துட்டு, கால் கப்புக்கு கொஞ்சம் மேல சோளம் கொட்டி, உடனே அடுப்புல இருந்து இறக்கி 30 செகண்ட் சும்மா வைங்க. இந்த 30 செகண்டுதான் விஷயமே, எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்துடும், திரும்ப அடுப்புல வச்சா படபடன்னு ஒண்ணா பொரியும். மூடிய லேசா திறந்தாப்ல வைங்க, ஆவி உள்ளயே நின்னா பொரி ரப்பர் மாதிரி ஆயிடும். குக்கர்ல பண்றவங்க வெயிட்டும் கேஸ்கட்டும் போடவே கூடாது.

மைக்ரோவேவ்ல அந்த 30 செகண்ட் வேலைய செய்ய வழியில்ல. அலை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விழாது, தட்டு சுத்தினாலும் சில மணி முந்தும், சிலது தூங்கும். கடைல விக்கற பாக்கெட்ல அடியில ஒரு பட்டை ஒட்டிருக்கும், அதுதான் சூடாகி சோளத்தை பொரிக்குது, அதனால எந்த பக்கம் மேலன்னு போட்டிருக்கறத பாத்து வைங்க, தலைகீழா வச்சா பாதி வீணாகும். அப்புறம் அந்த பாப்கார்ன் பட்டனை நம்பாதீங்க, நிறைய மாடல்ல அது வெறும் டைமர்தான். பக்கத்துலயே நின்னு காதை வைங்க, ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் 2 செகண்ட் இடைவெளி வந்தா நிறுத்திடுங்க. கொஞ்சம் பொரியாம மிஞ்சும்தான், ஆனா அதுக்காக இன்னும் ஓட விட்டா மொத்தமும் கருகி வீடே நாறும். அவசரத்துக்கு ஒருத்தருக்கு மட்டும்னா இது போதும்.

ரெண்டுலயுமே பாதிக்கு பாதி பொரியலன்னா கோளாறு சோளத்துலதான். எங்க வீட்ல போன மாசம் அப்படித்தான் ஆச்சு, டப்பா மூடி சரியா மூடாம மாசக்கணக்கா இருந்ததுல காஞ்சு போயிருந்துது. ஒரு பாட்டில்ல 3 கப் சோளம் போட்டு 1 டேபிள்ஸ்பூன் தண்ணி விட்டு இறுக்கி மூடி, அப்பப்ப குலுக்கிட்டே இருந்தேன், நாலு நாள் கழிச்சு அதே சோளம் அடுப்புல நல்லா பொரிஞ்சுது, அடியில ஒரு ஸ்பூன் அளவுக்குத்தான் மிச்சம். தோல் வெடிச்ச மணி மட்டும் என்ன பண்ணாலும் பொரியாது, ஆவி அந்த விரிசல் வழியா போயிடும்.