ஈர–உலர் குமிழ் ஈரமானி: நுவரெலியா உயரத்தில் நீண்டநாள் பாவித்த பிறகு

கொழுந்து வாட்டும் மாடியில் தொங்கும் ஈர–உலர் குமிழ் ஈரமானி எளிய கருவி. இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் மஸ்லின் திரி, கீழே சின்னத் தண்ணீர்க் குப்பி. பற்றரி வேண்டாம், தேயிலைத் தூசுக்கும் பயப்படாது. வருடக்கணக்கில் நம்பிப் பாவிக்கலாம். நம்பக் கூடாதது, இரண்டு வாசிப்புகளையும் சாரீரப்பதனாக மாற்ற அதோடு வரும் அட்டவணையைத்தான். பெரும்பாலான அட்டவணைகள் கடல்மட்ட அமுக்கத்துக்குப் போடப்பட்டவை. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 810 hPa. கடல்மட்டத்தில் அது 1013 hPa.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஈரக்குமிழில் இருந்து நீர் ஆவியாகும்போது வெப்பம் போகிறது. சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பம் வந்து சேர்கிறது. இரண்டும் சமப்படும் வெப்பநிலையில் குமிழ் நிற்கிறது. அமுக்கம் குறைந்தால் நீராவி திரியை விட்டு இலகுவாக விலகிப்போகும். ஆகவே காற்றில் அதே அளவு நீராவி இருந்தாலும் மலையில் ஈரக்குமிழ் கூடுதலாகக் குளிரும். கடல்மட்ட அட்டவணையோ அந்தக் குளிர்ச்சியைக் காற்றின் வறட்சி என்று வாசித்துவிடும்.

கணக்கு இதுதான்:

```
e = es(Tw) - A x P x (T - Tw)
```

e என்பது காற்றிலுள்ள நீராவியின் பகுதியமுக்கம். es(Tw) என்பது ஈரக்குமிழ் வெப்பநிலையில் நிரம்பலாவியமுக்கம். T உலர்குமிழ், Tw ஈரக்குமிழ், P வளிமண்டல அமுக்கம். குமிழைத் தாண்டிக் காற்று நன்றாக ஓடினால் A = 0.000662, ஓடாத இடத்தில் ஏறத்தாழ 0.0008. சுவரில் மாட்டும் கருவிகளின் அட்டவணை பொதுவாக இரண்டாவதைக் கொண்டே போடப்பட்டிருக்கும். ஆகவே A x P அந்த அட்டவணைக்குள் 0.81. வாட்டுத் தொட்டியின் விசிறிக் காற்றில், நுவரெலியாவில், அது 0.536 மட்டுமே.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். வெளியே அடர்ந்த மூடுபனி, 14 °C. காற்று நிரம்பிய நிலை, சாரீரப்பதன், அதாவது RH, 100%. 14 °C இல் நிரம்பலாவியமுக்கம் 15.98 hPa, அதுவே பகுதியமுக்கமும். இந்தக் காற்றை ஹீட்டர் 24 °C வரை சூடாக்கித் தொட்டிக்குள் அனுப்புகிறது. 24 °C இல் நிரம்பலாவியமுக்கம் 29.83 hPa.

```
RH = 15.98 / 29.83 = 53.6 %
```

உயர்தர மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். சூடாக்கும்போது சாரீரப்பதன் பாதியளவுக்கு விழுகிறது. ஆனால் பகுதியமுக்கம் 15.98 இலேயே நிற்கிறது. காற்று திறந்த வெளியில் விரிகிறது, மொத்த அமுக்கம் மாறுவதில்லை, நீராவியின் பங்கும் மாறுவதில்லை. எனவே பனிபடுநிலையும், அதாவது காற்றைக் குளிர்த்தினால் நீர் படியத் தொடங்கும் வெப்பநிலையும், அதே 14 °C. (மூடுபனியோடு வரும் நுண்துளிகளையும் சேர்த்தால் சற்றுக் கூடும், இந்தக் கணக்கில் அதை விட்டுவிடலாம்.)

இப்போது தொட்டியின் காற்று நுழையும் அறையில் வைத்த ஈரமானி என்ன காட்ட வேண்டும்? Tw = 17.2 °C என்று எடுத்துப் பாருங்கள். அங்கே es = 19.62.

```
19.62 - 0.536 x 6.8 = 15.98 hPa
```

பொருந்துகிறது. அதே 24, 17.2 வாசிப்பைச் சுவர் அட்டவணையில் தேடினால் கிடைப்பது வேறு:

```
19.62 - 0.81 x 6.8 = 14.11 hPa
RH = 14.11 / 29.83 = 47 %
```

உண்மை 54%, அட்டவணை 47%. பனிபடுநிலை 14 க்குப் பதிலாக ஏறத்தாழ 12 °C என்று வரும். காற்று போதுமான அளவு வறண்டது என்று நினைத்து ஹீட்டரைக் குறைத்தால், விடியும்போது கொழுந்து வாடாமல் கிடக்கும். கருவியில் பிழையில்லை. கணக்கை ஒருமுறை உங்கள் தோட்டத்தின் உயரத்துக்குப் போட்டு, அட்டவணையைப் புதிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும். ஹட்டனுக்கு ஒன்று, கண்டிக்கு வேறொன்று.

திரியின் கதை வேறு. அதில் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும்: ஈரக்குமிழ் வேண்டியதைவிடச் சூடாகக் காட்டும், சாரீரப்பதன் கூடிவிடும். குப்பி வற்றினால் அப்படி. ஊற்றுத் தண்ணீர் ஊற்றித் திரியில் வெண்படிவு ஏறினாலும் அப்படி. தூசு பிடித்துப் பழுப்பேறி விறைத்தாலும் அப்படியே. இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. அட்டவணை குறைத்துக் காட்ட, அழுக்குத் திரி கூட்டிக் காட்ட, இரண்டும் சேர்ந்து சில வேளை சரியான எண்ணையே தந்துவிடும். அன்று திரியை மாற்றியவர், புதுத் திரிதான் பழுது என்பார்.

மேற்சொன்ன நிலையில் ஈரக்குமிழில் அரைப் பாகை பிழைத்தால் சாரீரப்பதன் 3 அலகு தவறும். 14 °C மூடுபனியில் அது 5 அலகுக்குக் கிட்ட வரும். எனவே காய்ச்சி வடித்த தண்ணீரே ஊற்றுங்கள். அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் திரியை நனைத்துச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நிலையான வாசிப்பு முன்னையதைவிட இறங்கினால், பழைய எண் பொய்.

மலைநாட்டுக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு சோதனை உண்டு. அடர்ந்த மூடுபனியில் கருவியை வெளியே நிழலில் வைத்தால் இரண்டு வெப்பமானிகளும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அங்கே T - Tw பூச்சியம் என்பதால் A, P எதுவும் கணக்கில் தலையிடாது. வித்தியாசம் தெரிந்தால் அது வெப்பமானிகளின் பிழை. அதைக் குறித்துவைத்து ஒவ்வொரு வாசிப்பிலும் கழியுங்கள். டிஜிட்டல் மானியை இதே மூடுபனியில் வைத்தால் 100 க்குக் கிட்ட வரவேண்டும். ஆனால் நிரம்பிய காற்றில் நெடுநேரம் கிடந்த உணரி பிறகு கூட்டிக் காட்டும் பழக்கம் உடையது. வாட்டு மாடியில் நிரந்தரமாக விட நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்னொரு உதாரணம். வெளியே அதே 14 °C மூடுபனி, தொட்டியில் அதே 24 °C, ஈரக்குமிழ் மட்டும் 18.0.

```
20.63 - 0.536 x 6.0 = 17.41 hPa
RH = 17.41 / 29.83 = 58 %
```

வெளிக் காற்றில் இருந்ததைவிட 1.4 hPa கூடுதல். திரி பிழைத்ததா, உண்மையிலேயே நீராவி எங்கிருந்தோ வருகிறதா? ஒரு மினுக்கமான சில்வர் டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஐஸ் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெப்பமானியால் கலக்கிக்கொண்டே வெளிப்புறத்தைப் பாருங்கள். மூச்சுக்காற்று படாமல் தள்ளி நில்லுங்கள். பளபளப்பு மங்கத் தொடங்கும் வெப்பநிலையையும், ஐஸை எடுத்த பின் மங்கல் மறையும் வெப்பநிலையையும் எடுத்துச் சராசரி போடுங்கள். அது பனிபடுநிலை. 14 க்குக் கிட்ட வந்தால் திரியை மாற்றுங்கள். 15.3 க்குக் கிட்ட வந்தால் ஈரமானி சொன்னது உண்மை: கொழுந்தைத் தாண்டி வந்த ஈரக் காற்றை விசிறி திரும்ப உறிஞ்சுகிறது, இல்லாவிட்டால் ஹீட்டர்க் குழாயில் வெடிப்பு விழுந்து ஈரவிறகின் புகை காற்றோடு கலக்கிறது. ஜன்னல்களைத் திறந்து காற்றின் வழியை மாற்றியும் எண் இறங்கவில்லையென்றால், கொழுந்தில் புகைவாடை ஏற முன் ஹீட்டரை நிறுத்திக் குழாயைப் பாருங்கள்.