ஆபீஸ் மெஷின் காப்பி புளிக்குதா? தண்ணியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஆபீஸ், 40 பேர். "மெஷினுக்கு வாடகை வேணாம் சார், பவுடரை மட்டும் எங்ககிட்ட வாங்குங்க. எங்க பையன் தினமும் வந்து கிளீன் பண்ணிடுவான்" என்றார் ஏஜென்ட். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து டிசம்பரில் மாட்டினோம்.

மார்ச் வெயில் தொடங்கியதும் திங்கட்கிழமைக் காப்பி புளிக்க ஆரம்பித்தது. கூடவே பால் துடைத்த துணி வாடை, காப்பியும் நீர்த்துப் போனது. போன் போட்டால், "வேலூர் உப்புத் தண்ணி சார், அப்படித்தான் இருக்கும்." மெஷினுக்கு நாங்கள் ஊற்றுவது கேன் தண்ணீர்!

சரி, நாமே பார்ப்போம் என்று முதலில் வெந்நீர் பட்டனை மட்டும் அழுத்திக் குடித்தேன். ஒரு குறையும் இல்லை. அதே வெந்நீரில் டப்பாவிலிருந்த பவுடரைக் கையால் கலக்கினேன். புளிப்பு இல்லை. பட்டன் காப்பியில் மட்டும் புளிப்பு. அப்படியென்றால் கோளாறு நடுவில், பவுடரும் தண்ணீரும் சேரும் கிண்ணத்தில்.

கழற்றிப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிண்ணத்தின் அடியில் கலக்குகிற சின்ன விசிறியைச் சுற்றி மஞ்சள் கூழ், டியூப் உள்ளே வழவழப்பு. பவுடரில் பாலும் சர்க்கரையும் இருக்கிறது. ஈரத்தோடு சனி, ஞாயிறு இரண்டு நாள் கிடந்தால் புளிக்காமல் என்ன செய்யும்? மேலே எழும் ஆவி பட்டு, பவுடர் விழும் வாயும் கட்டி தட்டியிருந்தது. காப்பி நீர்த்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ரின்ஸ் பட்டன் கிண்ணத்துக்குள் தண்ணீர் விடும், அவ்வளவுதான். அந்தக் கட்டியைத் தொடாது. தினமும் சாயங்காலம் கிண்ணம், விசிறி, டியூப் மூன்றையும் கழற்றி வெந்நீரில் கழுவி, காயவைத்து மாட்ட வேண்டும்.

பக்கத்தில் தொங்கிய கிளீனிங் அட்டையைப் புரட்டினேன். பொங்கலுக்கு 4 நாள் ஆபீஸ் பூட்டு, சாவி என்னிடம். அந்த 4 நாளும் கிளீன் பண்ணியதாகப் பையன் கையெழுத்து இருக்கிறது!

கையால் கலக்கிய காப்பி புளிக்கவில்லையே தவிர, அதுவும் வெறும் சர்க்கரைத் தண்ணிதான். முதல் மாதம் சீல் வைத்த பாக்கெட்டில் பவுடர் வந்தது. பிறகு பையனே கொண்டுவந்து நிரப்பினான், நாங்கள் கவனிக்கவில்லை. குப்பையில் பார்த்தால் லேபிள் இல்லாத வெள்ளைக் கவர். பாக்கெட்டில் எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும், காலாவதித் தேதியும் வேண்டும். கவரில் எதைப் படிப்பது?

ஏஜென்ட் மெஷினை எடுத்துப் போய்விட்டார். அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. போன வாரம் வேறொரு ஏஜென்ட் மெஷினோடு வந்தார். "கிண்ணத்தைக் கழற்றிக் காட்டுங்க" என்றேன். கால் மணி நேரம் தடவிவிட்டு, "டெக்னீஷியனைக் கூட்டிட்டு வரேன் சார்" என்று போனார். இன்னும் காத்திருக்கிறோம்.