பார்மசிக்கு உதவியாளர் தேவை: காலையா, மாலையா?

வெள்ளவத்தையில் உள்ள எமது மருந்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு நேரங்களில் எது உங்களுக்குச் சரிவரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை நேரம் 8 முதல் 4 மணி வரை, சம்பளம் 50,000 ரூபா. வந்த பெட்டிகளைப் பில்லோடு சரிபார்த்து, காலாவதித் திகதி கிட்டியதை முன்னுக்கு அடுக்க வேண்டும். அனுபவம் தேவையில்லை.

மாலை 2 முதல் 10 வரை, 60,000 ரூபா. டொக்டரிடம் காட்டிவிட்டு மருந்துத்துண்டோடு வருபவர்கள் ஒரே நேரத்தில் குவிவார்கள். மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் திகதி உள்ள பகுதி கடையிலேயே மிஞ்ச வேண்டும். அந்தக் கைப்பழக்கத்துக்கு இரண்டு வருட அனுபவம் கேட்கிறோம். சிங்களமும் பேச வேண்டும்.

உதவியாளருக்கு மருத்துவ சபைப் பதிவு வேண்டாம்; அது எமது மருந்தாளரிடம் இருக்கிறது. ஆனால் அவர் பார்க்காமல் மருந்துத்துண்டுக்குரிய மருந்து எதையும் கொடுக்கக் கூடாது, எவ்வளவு சனம் நின்றாலும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டிலும் ஈபிஎஃப் 8 வீதம் கழியும். கையில் 46,000 அல்லது 55,200 வரும். எமது பங்கு 12 வீதம். வாரத்தில் ஆறு நாள் வேலை, இடையில் ஒரு மணி நேர ஓய்வு. இரவு பஸ் கிடைக்காத தூரத்தில் இருப்பவர்களுக்குக் காலைதான் நல்லது.