அப்போஸ்டில் போட்டாச்சு என்று வாட்ஸாப்பில் படம் வந்தால் உடனே பணம் அனுப்பாதீர்கள்

தம்பி மேற்படிப்புக்கு இத்தாலி போகிறான். அவனுடைய பிறப்புச் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ள அப்போஸ்டில் வேண்டும், அதாவது நம் வெளியுறவு அமைச்சகம் ஆவணத்தில் ஒட்டித் தரும் சான்று. அதை வாங்கித் தர ஏஜென்ட் ஒருவர் 9,000 ரூபாய் கேட்டார். பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். பத்து நாளில் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது: "வேலை முடிஞ்சுது சார், மீதியைப் போட்டுடுங்க." சிவப்பு நோட்டரி சீல், ஊதா வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து, ஏஜென்சி பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்ப், ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர். இத்தனை முத்திரை இருக்கிறதே என்று நம்பி மீதியையும் அனுப்பிவிட்டேன். விசாவுக்குக் கொடுக்கப் போனபோது அங்கே வாங்கவே இல்லை.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். ஏஜென்சி ஸ்டாம்புக்கு எந்த மதிப்பும் கிடையாது, யார் வேண்டுமானாலும் கடையில் செய்துகொள்ளலாம். பச்சை மையும் வெறும் பழக்கம்தான், கையெழுத்துப் போட்டவர் யார், என்ன பதவி என்று பக்கத்தில் இல்லாவிட்டால் அது ஒன்றுமில்லை. நோட்டரி சீல் உண்மையானதுதான், ஆனால் நகல் அசலைப் போலவே இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. சான்றிதழ் கொடுத்த பதிவாளரின் கையெழுத்து நிஜமா என்பதற்கு அது சாட்சி இல்லை.

கணக்கில் வருவது ஒரு சங்கிலி. முதலில் பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும். அடுத்து, அதைச் சரிபார்த்து மாநில அரசில் அதிகாரம் பெற்ற அலுவலர் போடும் கையெழுத்து. கடைசியாக வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர். இதற்கு அமைச்சகக் கட்டணம் ஐம்பது ரூபாய்தான், சேவை மையக் கட்டணம் தனி. ஸ்டிக்கரில் எண் போட்ட பத்து வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில், இந்த ஆவணத்தில் கையெழுத்திட்டவர் யார் என்று ஒரு பெயர் வரும், அந்தப் பெயருக்குரிய கையெழுத்து சான்றிதழில் இருந்தாக வேண்டும். ஏனென்றால் அப்போஸ்டில் உறுதி செய்வது அந்தக் கையெழுத்தையும், அவர் பதவியையும், முத்திரையையும்தான். சான்றிதழில் எழுதியிருப்பது சரியா என்று அது பார்ப்பதில்லை.

எங்கள் படத்தில் இரண்டாவது வரியில் ஒரு அரசு அலுவலர் பெயர் இருந்தது, சான்றிதழிலோ அவர் கையெழுத்தே இல்லை, நோட்டரி மட்டும்தான். ஸ்டிக்கரின் தேதி நோட்டரி தேதிக்கு நான்கு நாள் முந்தியது. எட்டாவது வரியில் வர வேண்டிய எண், படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. கூரியரில் வந்த தாளில் எண்ணைப் பார்த்து அமைச்சக இணையதளத்தில் போட்டேன், பதிவே இல்லை. ஸ்டிக்கர் என்று நினைத்தது வெறும் கலர் பிரிண்ட்.

யாராவது இப்படிப் படம் அனுப்பினால் ஸ்டிக்கரின் நான்கு மூலையும் எண்ணும் தெரிகிற மாதிரி இன்னொன்று கேளுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. எண்ணைப் போட்டுப் பார்க்கும்வரை மீதிப் பணம் உங்களிடமே இருக்கட்டும். எண் சரியாக வந்தாலும் பெயரையும் தேதியையும் ஒப்பிடுங்கள், வேறொருவர் ஸ்டிக்கரைப் படமெடுத்து ஒட்டவும் முடியும். ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. தம்பிக்குப் புதிதாக எடுத்த அசல் சான்றிதழோடு நாளைக்கு நானே மாநில அலுவலகத்துக்குப் போகிறேன்.