220-இலிருந்து வயதைக் கழித்தால் போதுமா? ஒரே ஆளுக்கு நான்கு கணக்கு

தித்திவங்சா ஏரியைச் சுற்றி மெதுவோட்டம் ஓடும் 56 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்கிய கைக்கடிகாரத்தில் வயதைப் பதிந்ததும் அது அவருடைய உச்ச இதயத்துடிப்பு 164 என்று தானே போட்டுக்கொண்டது. 220-இலிருந்து 56-ஐக் கழித்த கணக்கு. அதில் 90 விழுக்காடான 148-ஐத் தாண்டினாலே சிவப்பு வண்ணம், எச்சரிக்கை ஒலி. அவரோ பக்கத்தில் ஓடுபவரிடம் பேசிக்கொண்டே 148-இல் ஓடுகிறார். கடிகாரம் பழுதா, ஆள் பழுதா?

இரண்டும் இல்லை, கணக்குதான் முரடு. 1971-இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற ஆய்வாளர்களும் சகாக்களும் அதுவரை வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளை வரைபடத்தில் வைத்து, அவற்றின் போக்குக்கு உத்தேசமாக ஒரு கோடு இழுத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இந்த 220 கணக்கு. மனக்கணக்காகப் போட முடிகிற வசதியால் அது உலகம் முழுக்கப் பரவியது. உடற்பயிற்சிக்கூடச் சுவரில் வண்ண அட்டையாகத் தொங்குவதும் அதுதான்.

அடுத்த போட்டியாளர் 2001-இல் தனாகா குழு தந்த கணக்கு: 208-இலிருந்து, வயதை 0.7-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 351 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எடுத்தது. நம்மவருக்கு 169 வரும். 40 வயதில் இரண்டு கணக்குமே 180-தான். 25 வயதில் பழையது 195 என்னும், புதியது ஏறத்தாழ 190 என்னும். 60-இல் தலைகீழ்: பழையது 160, புதியது 166. ஆக, பழைய கணக்கு இளையவர்களுக்குக் கொஞ்சம் கூட்டியும் முதியவர்களுக்குக் குறைத்தும் சொல்கிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால் தனாகாவையே எடுப்பேன்.

ஆனால் எந்தச் சூத்திரமும் அந்த வயதுக்காரர்களின் சராசரியைத்தான் சொல்லும். ஒரே வயதினரின் உச்சத்துடிப்பு அந்தச் சராசரியிலிருந்து சாதாரணமாகவே 10, 12 துடிப்பு விலகும். மூன்றில் இரண்டு பேர் அந்த எல்லைக்குள் அடங்குவார்கள். மிச்சப் பேர் அதற்கும் வெளியே. 56 வயதில் ஒருவருக்கு 150, இன்னொருவருக்கு 180 என்றால் இருவருமே நலமாக இருக்கலாம். உச்சம் உயர்ந்திருப்பது உடல்தகுதிக்கு அடையாளமும் அல்ல. பயிற்சியால் உயர்வது அதே துடிப்பில் ஓடும் வேகம்.

மூன்றாவது வழி ஓடியே பார்ப்பது. கைக்கடிகாரத்தை நம்பாமல், இதயத்துடிப்பை அளக்கும் மார்புப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன், 15 நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடேற்றுங்கள். பிறகு ஏறி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கிற ஏற்றச் சாலை ஒன்றில், புக்கிட் துங்குப் பக்கம் இருப்பது போல, மூன்று முறை ஏறுங்கள். ஒவ்வொரு முறையும் நடந்தே இறங்குங்கள். கடைசி முறை முழுமூச்சாக. பட்டை காட்டிய மிகப்பெரிய எண்தான் கணக்கு. (பத்துமலையின் 272 படிகள் நீளத்துக்குச் சரிதான், பக்தர் கூட்டத்திலும் குரங்குகளிடையிலும் வேண்டாம்.) நம்மவருக்கு 178 வந்தது என்றால், அவருடைய 148 வெறும் 83 விழுக்காடு. உண்மை உச்சம் 150 உள்ளவருக்கோ அதே 148 ஏறக்குறைய எல்லையே. அவர் பேசிக்கொண்டு ஓட முடியாது. 45-ஐத் தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்களும் இந்தச் சோதனையைத் தனியே செய்யக்கூடாது. முதலில் மருத்துவரைப் பார்த்து, தேவையென்றால் அவர் மேற்பார்வையில் டிரெட்மில் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மணிக்கட்டுக் கடிகாரத்தில் ஒரு தில்லுமுல்லு உண்டு. ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே 170-க்குத் தாவி, வேகத்தைக் குறைத்தாலும் அசையாமல் நின்றால், அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணுகிறது. நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும். கடிகாரப் பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

நான்காவது, எண்ணே இல்லாத பேச்சுச் சோதனை. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் மிதமான ஓட்டம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதுவே ஏற்றது. அந்த மாத்திரை உச்சத்துடிப்பையே கீழே இழுத்துவிடும் என்பதால் சூத்திரம் எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. கோலாலம்பூர் புழுக்கத்திலும் அப்படியே: ஒரே வேகத்தில் ஓடினாலும் அரைமணி நேரத்தில் துடிப்பு 10-க்கு மேல் ஏறிக்கொண்டே போகலாம், வியர்வையில் நீர் இழப்பதால். அன்று எண்ணைத் துரத்தினால் நடையாகத்தான் முடியும்.

நம்மவர் கடிகாரத்தின் அமைப்புப் பகுதியில் 164-ஐ அழித்து 178 என்று பதிந்தால், சிவப்பு இனி 160-க்கு மேல்தான் தொடங்கும்.