லோ ஃபேடா, லோ டேப்பரா? நாற்காலியில் உட்காரும் முன் முடிவு செய்ய வேண்டியது

இரண்டிலும் முடி கீழே வரவரக் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் ஒன்றைக் கேட்டு இன்னொன்றோடு எழுந்து வருகிறார்கள். வித்தியாசம் எவ்வளவு குட்டையாக வெட்டுகிறார்கள் என்பதில் இல்லை, எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

டேப்பரில் மிஷின் படுவது இரண்டே இடங்களில்: கிருதா, பின்கழுத்து. காதைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் முடி அப்படியே இருக்கும். அதைச் சீப்பும் கத்திரியும் வைத்துத்தான் ஒழுங்குபடுத்துவார்கள். ஃபேடு அப்படியல்ல. ஒரு கிருதாவில் தொடங்கி, காதுக்கு மேலாகப் பின்மண்டையைச் சுற்றி, மறு கிருதா வரைக்கும் ஒரே பட்டையாகப் போகும். அந்தப் பட்டை காதுக்குச் சற்று மேலே நின்றால் லோ, நெற்றிப்பொட்டு உயரத்துக்கு வந்தால் மிட், அதையும் தாண்டினால் ஹை. பட்டையின் அடியில் தோலே தெரிந்தால் அது ஸ்கின் ஃபேடு.

எது யாருக்கு? வேளச்சேரியிலிருந்து ஓ.எம்.ஆருக்குத் தினமும் பைக்கில் போகும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அடர்த்தியான நேர்முடி, காது கொஞ்சம் விரிந்திருக்கும், மாதம் ஒருமுறைதான் சலூனுக்குப் போவான். அவனுக்குப் பிடித்திருப்பது ஸ்கின் ஃபேடு. நான் லோ டேப்பர்தான் சொல்வேன். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், அதாவது வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல். தோல் தெரிய எடுத்த இடம் ஒரே வாரத்தில் கறுத்துவிடும், இரண்டாவது வாரத்தில் ஃபேடு இருந்த சுவடே மங்கிவிடும். டேப்பரிலும் முடி அதே வேகத்தில்தான் வளரும். ஆனால் மாறுவது இரண்டு சின்ன இடங்கள் மட்டும் என்பதால் மூன்று நான்கு வாரம் வரை வடிவம் நிற்கும். காதைச் சுற்றி முடி இருப்பதால் காதும் துருத்திக்கொண்டு தெரியாது.

ஃபேடு ஜெயிக்கும் இடமும் உண்டு. ஹெல்மெட்டுக்குள் வியர்வை தாங்க முடியவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சலூனுக்குப் போகவும் தயார் என்றால் ஃபேடு நிஜமாகவே சுகம். பக்கவாட்டு முடி முள்ளாகக் குத்திட்டு நிற்பவர்களுக்கும் அதுதான் தீர்வு. பின்மண்டையில் தழும்போ மேடுபள்ளமோ இருந்தால் மட்டும் யோசியுங்கள், ஃபேடு அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும்.

இனி சலூனில் சொல்லும் விதம். பெரிய சண்டையெல்லாம் ‘ஒண்ணு’ என்ற எண்ணில்தான் வருகிறது. கிளிப்பர் மிஷினில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பில் 1 என்றால் பொதுவாக 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6. ஆனால் நீளத்தைத் திருகி மாற்றும் டிரிம்மர்கள் பலவற்றில் 1 என்றால் 1 மில்லிமீட்டர்தான். நீங்கள் எதை நினைத்துச் சொன்னாலும், அவர் கையில் இருக்கும் மிஷின்தான் முடிவு செய்யும். அதனால் மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

நம் வேளச்சேரிப் பையன் இப்படிச் சொன்னால் போதும்: “அண்ணா, லோ டேப்பர் வேணும். கிருதாவும் பின்கழுத்தும் மட்டும் மிஷின், கீழ 1 எம்.எம்.ல ஆரம்பிச்சு மேல போகப்போக கலந்துடுங்க. காதைச் சுத்தி மிஷின் வேணாம், கத்திரிதான். மேல ரெண்டு விரல் நீளம் விடுங்க.” அவர் “அப்போ பின்னாடி கழுத்துல நேர்கோடு போடட்டுமா?” என்று கேட்டால், “வேணாண்ணா, மங்கிப் போற மாதிரி விடுங்க” என்று சொல்ல வேண்டும். பிளேடால் போட்ட நேர்கோட்டுக்குக் கீழே நாலைந்து நாளில் முடி முளைத்து, டேப்பரின் அழகையே கெடுத்துவிடும்.

ஃபேடு வேண்டுபவர் சொல்ல வேண்டியது: “லோ ஃபேடு, காதுக்கு மேல ஒரு விரல் வரைக்கும் போதும், சுத்தி வரணும். அடியில ஷேவ் வேணாம், 1 எம்.எம். போதும்.” ‘ஷேவ் வேணாம்’ என்பதைச் சொல்லாமல் விட்டால் சிலர் தோல் வரைக்கும் எடுத்துவிடுவார்கள்.

நேர்முடியில், அதுவும் கருகருவென்ற முடியில், ஃபேடு போடுவது கடினம்; ஒவ்வொரு நீளமும் சேரும் இடத்தில் கோடு விழும். 3 மில்லிமீட்டருக்கும் 6 மில்லிமீட்டருக்கும் நடுவே 4.5 சீப்பு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால், மிஷினின் பக்கத்தில் இருக்கும் லீவரைத் தள்ளித்தள்ளி அந்தக் கோட்டை அழிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் இரண்டே சீப்புகள்தான் தெரிகின்றன, லீவரும் இல்லாத மிஷின் என்றால் அங்கே டேப்பர் கேட்பதே பாதுகாப்பு. டேப்பர் பிடிக்கவில்லை என்றால் அதே நாற்காலியில் ஃபேடாக மாற்றிவிடலாம். ஃபேடு போட்டபின் டேப்பர் வேண்டுமென்றால் முடி வளரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எழுந்திருக்கும் முன் பின்னால் கண்ணாடி காட்டச் சொல்லி, தலையை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பட்டையாக எங்காவது தெரிந்தால் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, “இங்க கோடு தெரியுதுண்ணா, கலந்துடுங்க” என்று சொல்லுங்கள். ஈரத்தலையில் கோடு சரியாகத் தெரியாது, துவட்டிக் காய்ந்தபின் பாருங்கள்.