டாக்டர் பேச்சைச் "சுருக்கி"ச் சொல்பவரிடம் ஜாக்கிரதை: புதுச்சேரியில் என் அத்தைக்கு நடந்தது

கடலூர், பண்ருட்டி பக்கமிருந்து மூட்டு வலி, சிறுநீரகம், இதயம் என்று பெரிய டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே சில தனியார் ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரியாத டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் "கோஆர்டினேட்டர்" என்று ஒருவரை உட்கார வைக்கிறார்கள். அத்தைக்கு அப்படி உட்கார்ந்தவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், மரியாதையாகவும் பேசினார். பில்லில் "மொழி உதவி" என்று 300 ரூபாயும் போட்டிருந்தார்கள். அத்தை ரத்த அணுக்கள் குறைந்து வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்தது அதற்கு அப்புறம்தான்.

நான் இரவுப் பணியில் போன் வழியாக வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறவன். அதனால் என்ன தவறு நடந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. மாமாவுக்கு மறதி அதிகம். டாக்டரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு, பேச்சைத் தன் செல்போனில் பதிவு செய்திருந்தார். கீழே எழுதுவதெல்லாம் அந்தப் பதிவைக் கேட்டு எழுதியது.

அத்தை முதுநகரில் இட்லிக்கடை வைத்திருந்தவர். டாக்டர் முதலில், காலையில் விரல்கள் விறைப்பாக இருக்குமா, எவ்வளவு நேரம் என்று கேட்கிறார். அத்தை பதில் சொல்கிறார்: "எழுந்ததும் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாதுப்பா. வெந்நீர்ல கைய வச்சு ஒரு மணி நேரம் ஆகும் வெரல் மடங்க. மத்தியானத்துக்கு மேல பரவாயில்ல. போன வருஷம் மஞ்சக் காமாலை வந்தப்ப கீழாநெல்லி குடிச்சேன், அதுலேர்ந்துதான் ஒடம்பே சரியில்ல."

கோஆர்டினேட்டர் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "அவங்களுக்குக் கொஞ்ச நாளா மூட்டு வலி. காலையில அதிகமா இருக்காம்."

காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடிப்பது முடக்குவாதத்தின் முக்கியமான அடையாளம். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானத்தில் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். மதியத்துக்கு மேல் சரியாகிறது என்பதும் அதோடு சேர்ந்த தகவல். நல்லவேளை, ரத்தப் பரிசோதனையும் விரல் வீக்கமும் கண்ணுக்குத் தெரிந்ததால் டாக்டர் நோயைச் சரியாகவே பிடித்துவிட்டார். காமாலை மட்டும் அவர் காதுக்குப் போகவே இல்லை.

அடுத்து நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. "இவருக்கு முன்பு கல்லீரல் பிரச்சனை ஏதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள்" என்கிறார் டாக்டர். கோஆர்டினேட்டர் அத்தையிடம் கேட்கவே இல்லை. "இல்ல சார், அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று தானே பதில் சொல்லிவிட்டார். காமாலை என்று அத்தை சொன்னதைக் கொஞ்ச நேரம் முன்புதான் அவர் தன் காதால் கேட்டிருந்தார்.

மருத்துவ மொழிபெயர்ப்பாளர் ஏன் "நான்" என்று பேச வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். டாக்டர் "உங்களுக்குக் கல்லீரல் பிரச்சனை இருந்ததா?" என்று கேட்டால், மொழிபெயர்ப்பாளரும் அத்தையைப் பார்த்து "உங்களுக்குக் கல்லீரல்ல பிரச்சனை ஏதாவது இருந்துச்சா?" என்றே கேட்க வேண்டும். அத்தை "எனக்குக் காமாலை வந்துச்சு" என்றால் டாக்டரிடம் "எனக்குப் போன வருஷம் காமாலை வந்தது" என்றே சொல்ல வேண்டும். அப்படிப் பேசும்போது நடுவில் இருப்பவருக்குத் தனிக் குரல் கிடையாது. நோயாளி வாயைத் திறக்காமல் அவர் "இல்லை" என்று சொல்ல இடமே இருக்காது. "அவங்க சொல்றாங்க", "டாக்டர் சொல்றாரு" என்று ஆரம்பித்துவிட்டால் அவர் மூன்றாவது ஆளாகிவிடுகிறார். அப்புறம் டாக்டர் அவரிடமே கேட்பார், அவரிடமே பதில் வாங்குவார். பதிவு முழுக்க டாக்டர் "அவரிடம் கேளுங்கள், அவரிடம் சொல்லுங்கள்" என்றுதான் பேசுகிறார். அத்தையை நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, எதிரில் இருப்பவர் பேசும் விதம்தான் அவரை அப்படித் திருப்பிவிட்டது.

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளருக்கே சந்தேகம் வந்தால் என்ன செய்வார்? கீழாநெல்லி என்றால் என்னவென்று டாக்டருக்கு விளக்க வேண்டியிருக்கும். அப்போது தன்னைத்தான் மூன்றாம் ஆளாகச் சொல்லுவார்: "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறார்." கேட்டது என்ன, கிடைத்த பதில் என்ன என்பதை மறுபக்கத்துக்கும் சொல்லிவிடுவார். இதனால் எது நோயாளியின் பேச்சு, எது அவருடைய சொந்தப் பேச்சு என்று குழப்பம் வராது. பேச ஆரம்பிக்கும் முன்பே இரண்டு பக்கமும் சொல்லிவிடுவதும் வழக்கம்: "நீங்க பேசுறது எல்லாத்தையும் அப்படியே சொல்லுவேன். நான் 'எனக்கு'ன்னு சொன்னா அது பேசினவங்களைத்தான் குறிக்கும், என்னை இல்ல. நடுநடுவுல நிறுத்திப் பேசுங்க." இதைச் சொல்லாமல் தொடங்கினால் வயசானவர்கள் "இவரா மருந்து எழுதுறாரு?" என்று குழம்புவார்கள், அது உண்மை. புத்தி தடுமாறிய முதியவர், சின்னக் குழந்தை என்று சில இடங்களில் "நான்" சரிப்படாது என்று விட்டுவிடுவதும் உண்டு. அப்போதும் சொன்னது முழுக்கப் போக வேண்டும்.

இனி மருந்துக்கு வருகிறேன். டாக்டர் எழுதியது மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம். முடக்குவாதத்துக்கு நன்றாக வேலை செய்யும் பழைய மருந்து, ஆனால் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜையையும் வாய், குடல் உள்தோலையும் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். கல்லீரலையும் பாதிக்கக்கூடியது என்பதால்தான் டாக்டர் முன்கூட்டியே கேட்டார். பக்கவிளைவு குறைய ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறொரு நாளில் கொடுப்பார்கள்.

பதிவில் டாக்டர் இதைப் பொறுமையாகச் சொல்கிறார்: "இந்த மாத்திரை வாரத்தில் ஒன்று மட்டும், ஞாயிற்றுக்கிழமை. எக்காரணம் கொண்டும் தினமும் எடுக்கக் கூடாது. இந்த இன்னொரு மாத்திரை புதன்கிழமை. வாயில் புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவும். இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை."

அத்தைக்குத் தமிழில் கிடைத்தது: "ஒண்ணும் பயப்பட வேணாம்னு டாக்டர் சொல்றாரு அம்மா. ரெண்டு மாத்திரை எழுதியிருக்காரு, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. அடுத்த தடவை ரத்தம் எடுத்துட்டு வாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. சுருக்கினார். சுருக்க வேண்டுமென்றால் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மருந்து பற்றிப் படிக்காதவருக்கு "வாரம் ஒன்று" என்பதும் "பயப்பட வேண்டாம்" என்பதும் ஒரே எடையாகத்தான் தெரியும், அதில் காதுக்கு இதமானதை எடுத்துக்கொண்டார். எது முக்கியம் என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை, நோயாளியின் வேலை. நடுவில் இருப்பவர் எண், நாள், அளவு எல்லாவற்றையும் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி, அப்படியே சொல்ல வேண்டும். பேச்சு நீளமாகப் போனால் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம், வெட்டக் கூடாது.

கடைசியில் டாக்டர் "அவருக்குப் புரிந்ததா?" என்கிறார். கோஆர்டினேட்டர் "எஸ் சார்" என்கிறார். அத்தைக்கு அந்தக் கேள்வியே போய்ச் சேரவில்லை. "எப்படிச் சாப்பிடுவீங்கன்னு நீங்களே ஒரு தடவை சொல்லுங்க" என்று டாக்டர் கேட்டு, அது முழுதாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், தவறு அந்த அறையிலேயே தெரிந்திருக்கும்.

சீட்டில் ஆங்கிலத்தில் வாரம் ஒன்று என்றுதான் எழுதியிருந்தது. மருந்துக்கடையில் முழு அட்டையையும் கொடுத்து அனுப்பினார்கள். அத்தை தினம் ஒன்று போட்டார். ஒரு வாரத்துக்குள் வாய் முழுக்கப் புண், கஞ்சிகூட இறங்கவில்லை, அப்புறம் காய்ச்சல். இங்கே கடலூரில் சேர்த்தபோது வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் இறங்கியிருந்தன. அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அங்கிருந்த டாக்டர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, மருந்தை நிறுத்தி, ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டார். அத்தை பிழைத்துக்கொண்டார்.

இது நம்மூர் ஆளின் அலட்சியம் மட்டும் இல்லை. 2003-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்போடு நடந்த 13 குழந்தை மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரி 31 பிழை. பாதிக்கு மேல் சொன்னதை விட்டுவிட்டதால் வந்தவை. மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்வி, ஆன்டிபயாட்டிக் மருந்தின் அளவு, எத்தனை முறை, எத்தனை நாள் என்பவை விடுபட்டவற்றில் இருந்தன.

ஆங்கிலம் தெரியாதவர்களும் இதைக் கண்டுபிடிக்கலாம். டாக்டர் ஒரு நிமிஷம் பேசி, உங்களுக்கு ஒரு வரி வந்தால் சந்தேகப்படுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதபோது டாக்டருக்குப் பதில் போனால், அங்கேயே நிறுத்தி "அவர் என்ன கேட்டார், நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேளுங்கள். உங்களை விட்டுவிட்டு டாக்டரும் நடுவில் இருப்பவரும் தனியாகப் பேசிச் சிரித்தாலும் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், "ஐயா, டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லுங்க, நீளமா இருந்தாலும் பரவாயில்ல" என்றால் போதும். கிளம்பும் முன் ஒவ்வொரு மாத்திரையையும் கையில் காட்டி, எந்த நாள், எத்தனை, எதுக்கு என்று நீங்களே சொல்லி, அதை டாக்டருக்கு மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அட்டையில் கிழமையைத் தமிழில் எழுதி வாங்குங்கள்.

ஆஸ்பத்திரியில் புகார் கொடுத்தோம். "அவர் மொழிபெயர்ப்பாளர் இல்லை, உதவிக்குத்தான் வைத்திருக்கிறோம்" என்றார்கள். அப்படியென்றால் 300 ரூபாய் எதற்கு என்று கேட்டதற்கு அதைத் திருப்பித் தந்தார்கள், வேறு பதில் இல்லை. போன வாரம் மாமா அந்தப் பக்கம் போனபோது அதே ஆள் அதே கவுண்டரில் இருந்தாராம். அங்கே போக நேர்ந்தால், ஆங்கிலம் தெரிந்த நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.